நாலாவது தோசை

"உயர்தர வார்ப்பிரும்பில் பாரம்பரிய முறைப்படி நேர்த்தியாக உருவாக்கப்பட்ட, நீடித்து உழைக்கும், ஆரோக்கியம் மிக்க, எழிலான வடிவமைப்பு கொண்ட தோசைக்கல். உங்கள் சமையலறைக்கு மெருகூட்டும். ஒவ்வோர் இல்லத்திலும் அவசியம் இருக்க வேண்டிய ஒன்று."

இதை எழுதியது நான்தான். விருதுநகரில் சித்தப்பா நடத்தும் பாத்திரக் கடையை இணையத்திலும் ஏற்றிவிடுவோம் என்று அவர் மகன் கிளம்பியபோது, படமெடுக்கும் வேலையை அவன் எடுத்துக்கொண்டான். எழுதுகிறவன் என்று குடும்பத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு என்பதால் பொருள்விவரம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. 40 பொருட்கள். இரண்டே மாலைகளில் முடித்துவிட்டேன். அவ்வளவு சீக்கிரம் முடிந்ததே ஒரு எச்சரிக்கை என்று அப்போது தோன்றவில்லை.

அச்செடுத்துக் கொடுத்த தாளைச் சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். தோசைக்கல் பத்தியை இரண்டு தடவை படித்தார். பிறகு கேட்டார்: "இது எந்தக் கல்லுப்பா?"

கடையில் தோசைக்கல் மட்டும் ஐந்து தினுசு இருக்கிறது. வார்ப்பிரும்பில் 10 அங்குலம், 12 அங்குலம். இரும்புத் தகட்டை வெட்டி விளிம்பு தட்டிய கல் இரண்டு அளவில். கைப்பிடி வைத்தது ஒன்று. "வார்ப்பிரும்பு" என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டால் என் பத்தி ஐந்துக்கும் பொருந்தும், குக்கருக்கும் பொருந்தும், "சமையலறை"யையும் மாற்றிவிட்டால் குடைக்கும் நாற்காலிக்கும் பொருந்தும். அன்றிரவு சோதித்துப் பார்த்தேன். 40 பத்திகளில் 30க்கு மேல் ஒன்றையொன்று இடம் மாற்றி வைத்தாலும் யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலையிலிருந்து இரண்டு நாள் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தேன். கையில் நோட்டு. சித்தப்பா பேசுவதை அப்படியே எழுதிக்கொள்வது, அதைத் தட்டச்சு செய்துவிடுவது என்பதுதான் திட்டம். அது எவ்வளவு தப்பான திட்டம் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் நாள் பத்து மணி சுமாருக்கு ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். நேராகப் பெரிய கல்லைக் காட்டி, "அண்ணாச்சி, அந்தக் கல்லு என்ன வெல?" என்றார். சித்தப்பா விலையைச் சொல்லவில்லை.

"வீட்ல எத்தன பேரும்மா?"

"நானும் அவுகளும்தான். பிள்ளைக லீவுக்கு வரும்."

"கேஸா, கரண்டு அடுப்பா?"

"கேஸ்தான்."

கல்லை எடுத்து அந்த அம்மா கையில் கொடுத்தார். வாங்கும்போது அவருடைய வலது கை சற்றே இறங்கியது. சித்தப்பா அதைப் பார்த்துவிட்டார். "தெனமும் இதத் தூக்கி அடுப்புல வச்சு எறக்கணும், யோசிச்சுக்கோங்க. ரெண்டு பேருக்குன்னா பத்து இஞ்சே தாராளம். இது சூடேற நேரமாகும், நாலு தோசைக்காக இத்தாம்பெரிய கல்லக் காய வச்சா கேஸுதான் தீரும். பிள்ளைக வந்தா அதுலயே அடுத்தடுத்து ஊத்திக்கலாம்." 

அந்த அம்மா சின்னக் கல்லை வாங்கிக்கொண்டு போனார். விலை குறைவான கல் விற்றது. அதைப் பற்றிச் சித்தப்பாவுக்கு வருத்தம் எதுவும் தெரியவில்லை. நோட்டைப் பார்த்தேன். அவர் பேசியதில் கல்லைப் புகழும் சொல் ஒன்றுகூட இல்லை. "உயர்தர" இல்லை, "பாரம்பரிய" இல்லை. இருந்தவை வேறு மாதிரி வாக்கியங்கள்: ரெண்டு பேருக்குன்னா. பிள்ளைக வந்தா. காய வச்சா.

அன்று மாலைக்குள் நோட்டில் நாற்பது ஐம்பது வாக்கியங்கள் சேர்ந்தன. பாதிக்கு மேல் அதே வார்ப்பு. ஊற வச்சா துருப் பிடிக்கும். சூட்டோட தண்ணி ஊத்தினா விரிசல் விடும். புளிக்கொழம்பு இதுல வச்சா பழக்கினதெல்லாம் போயிரும். கை வலி இருந்தா தகட்டுக் கல்லு எடுங்க. இலக்கணத்தில், செய்தால், வந்தால், போனால் என்று வரும் வடிவத்துக்கு நிபந்தனை எச்சம் என்று பெயர். கடைக்காரர் மொழியின் முதுகெலும்பு அதுதான். பெயரடை எதையும் கேட்காமல் பொருளின் முன்னால் வந்து நின்றுகொள்ளும். நிபந்தனை எச்சத்தால் அது முடியாது. "இருந்தா" என்று தொடங்க வேண்டுமென்றால் எதிரே ஒரு வீடு, ஓர் அடுப்பு, ஒரு மணிக்கட்டு மனதில் வந்தாக வேண்டும்.

இதை ரொம்பப் புனிதப்படுத்தவும் நான் விரும்பவில்லை. "இந்தக் கலரு உங்களுக்குன்னே நெஞ்ச மாதிரி இருக்குக்கா" என்கிற ஜவுளிக் கடைக்காரரும் கடையில்தான் நிற்கிறார். அதுவும் பேச்சுதான், வார்ப்புருவும்தான். காலையில் இருந்து அதே வாக்கியத்தை இருபது பேரிடம் சொல்லியிருப்பார். பேசுவதுபோல் இருப்பது வேறு, ஒருவரிடம் பேசுவது வேறு.

இந்த வித்தியாசத்தை விளம்பரத் தொழிலில் பெரிய பெயர் எடுத்த ஒருவர் வீட்டு வாசல்களில் நின்று கற்றார். டேவிட் ஓகில்வி பிற்காலத்தில் நியூயார்க்கில் விளம்பர நிறுவனம் நடத்தியவர். 1930களில் அவர் ஸ்காட்லாந்தில் வீடு வீடாகப் போய் ஆகா என்ற சமையல் அடுப்பை விற்றுக்கொண்டிருந்தார். அதுவும் வார்ப்பிரும்புதான். கண்பார்வை இழந்த பிறகு சுவீடன் நாட்டு நோபல் விஞ்ஞானி குஸ்தாவ் தாலேன் 1922இல் உருவாக்கிய கனத்த அடுப்பு. தன்னைப்போல் விற்கப் போகிறவர்களுக்காக 1935இல் ஓகில்வி ஒரு சிறு கையேடு எழுதினார். அதை இரண்டு பாகமாகப் பிரித்திருந்தார்: தாக்குதல், தற்காப்பு. என்னை நிறுத்தியது இரண்டாவது பாகம். கதவைத் திறக்கிற சமையல்காரியோ வீட்டுக்காரரோ என்ன மறுப்புச் சொல்வார்கள், அதற்கு என்ன பதில் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார். தன் பொருளை வாங்காமல் போகிறவரின் வாயை அவ்வளவு கவனித்துக் கேட்ட பிறகுதான் அந்த மனிதர் விளம்பரம் எழுத வந்தார். நான் வாங்குகிறவரின் முகத்தையே பார்க்காமல் 40 பத்தி எழுதியிருந்தேன்.

இரண்டாவது வரைவு இன்னும் மோசம். நோட்டில் இருந்ததைக் கொட்டினேன். "வாங்கக்கா, கல்லு சும்மா கும்முனு இருக்கும், தோச மொறுமொறுன்னு வரும் பாருங்க!" தம்பி படித்துவிட்டு, "ரேடியோ விளம்பரம் மாதிரி இருக்குண்ணே" என்றான். சரிதான். தமிழில் எழுதுகிற எல்லோருக்கும் இந்தப் பள்ளம் உண்டு. நம் பேச்சும் எழுத்தும் அவ்வளவு விலகியிருப்பதால், எழுத்தைப் பேச்சு உச்சரிப்பில் எழுதிவிட்டாலே ஆள் பேசுவதுபோல் ஆகிவிடும் என்று நம்பிவிடுகிறோம். உச்சரிப்பு மாறியது, உள்ளே இருந்தது அதே "உயர்தர"தான். மூக்குத்தி போட்டுவிட்ட பெயரடை. இன்னொரு சங்கடமும் உண்டு. விருதுநகர்ப் பேச்சைக் கோயம்புத்தூர்க்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும் படிக்கும்போது அது அவர்களுக்கு நடிப்பாகத்தான் ஒலிக்கும். அதனால் சாதாரண எழுத்துத் தமிழிலேயே எழுதுவது என்று முடிவு செய்தேன். சித்தப்பாவிடமிருந்து எடுக்க வேண்டியது அவர் உச்சரிப்பு இல்லை. எதை முதலில் சொல்கிறார், எதைக் கேட்காமலே சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்கிற வரிசை.

அந்த வரிசையைப் பிடிக்க ஒரே வழி, ஒவ்வொரு வாக்கியமும் அவர் வாயில் எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்பதுதான். கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் இருந்தார்.

"சூட்டோட தண்ணி ஊத்தாதீங்க" என்பதற்குப் பின்னால் ஒரு மாமி. வேலை முடிந்த அவசரத்தில் அடுப்பிலிருந்து இறக்கிய கல்லைக் குழாயடியில் காட்டியிருக்கிறார். டக்கென்று ஒரு சத்தம், நடுவில் மயிரிழை போல் ஒரு கோடு. வார்ப்பிரும்பு கனமாக இருந்தாலும் வளைந்து கொடுக்காது. ஒரு பக்கம் சட்டென்று குளிர்ந்து சுருங்கும்போது மறுபக்கம் சூட்டில் விரிந்தே நிற்கும், இழுபறியில் விரிசல் விடும். தகட்டுக் கல் உடையாது, ஆனால் அதிகச் சூட்டில் நெளிந்துவிடும். நெளிந்தால் எண்ணெய் ஓரிடத்தில் தேங்கும். விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காதுக்குத் தெரியும் என்பது சித்தப்பாவின் பாடம். கல்லை விரலில் தொங்கவிட்டு ஒரு ரூபாய்க் காசால் தட்டினார். நல்ல கல் மணி போல் கொஞ்ச நேரம் இழுத்து ஒலித்தது. அந்த மாமி திருப்பிக் கொண்டுவந்த கல்லை இன்னும் பரணில் வைத்திருக்கிறார். அதைத் தட்டினால் 'சொத்' என்று அடங்கிப்போனது.

"கேஸா, கரண்டு அடுப்பா" என்ற கேள்வி பத்து வருடத்துக்கு முன் அவரிடம் கிடையாது. இண்டக்ஷன் அடுப்பு வாங்கிய புதிதில் ஒரு குடும்பம் 12 அங்குலக் கல்லை வாங்கிப் போனது. இரும்புக் கல் இண்டக்ஷனில் சூடாகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அடுப்பின் உள்ளே இருக்கும் சுருள் கல்லைவிடச் சின்னது. சுருளுக்கு மேலே இருக்கும் வட்டம் மட்டும் காயும், வார்ப்பிரும்பு சூட்டை மெதுவாகத்தான் கடத்தும் என்பதால் விளிம்பு பின்தங்கிவிடும். தோசை நடுவில் கருகி ஓரத்தில் வெள்ளையாக நின்றது. கல்லில் குறை என்று சண்டைக்கு வந்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கேள்வி.

பிசுபிசுப்பு இன்னொரு புகார். புதுக் கல்லைப் பழக்குவதற்கு நம் ஊர்களில் ஆளுக்கொரு முறை இருக்கிறது. சித்தப்பா சொல்லும் முறை: கல்லைத் தேய்த்துக் கழுவி, அரிசி களைந்த தண்ணீரிலோ வடித்த கஞ்சியிலோ இரண்டு நாள் போட்டு, தண்ணீரைத் தினமும் மாற்றி, கழுவி அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவிட வேண்டும். பிறகு நல்லெண்ணெயைத் துணியால் தடவி, தடவியதைத் துடைத்துவிட்டு, புகை வரும்வரை சூடாக்கி ஆறவிட வேண்டும். இப்படி மூன்று நான்கு தடவை. எண்ணெய் மெல்லிய படலமாகச் சூட்டில் இறுகி இரும்போடு ஒட்டிக்கொள்ளும், அந்தப் படலத்தின் மேல்தான் தோசை வழுக்கிக்கொண்டு வரும். பலர் துடைக்க மனசில்லாமல் எண்ணெயைத் தாராளமாக விட்டுவிடுவார்கள். அது இறுகாமல் பசை மாதிரி நின்றுவிடும். "தடவுறது பெருசில்ல, தடவினதத் தொடைக்கிறதுதான் பழக்குறது" என்பார் சித்தப்பா. புதிதாக வந்த கற்களை இப்போது அவரே பழக்கி எடுத்து வைக்கிறார். ஆனாலும் முதல் நாள் ஒட்டத்தான் செய்யும் என்று அவர் சொல்லாமல் எந்தக் கல்லும் வெளியே போவதில்லை.

இரண்டாம் நாள் இரவு மூன்றாவது வரைவை எழுதினேன். 12 அங்குல வார்ப்பிரும்புக் கல்லுக்கு மட்டும் மூன்று மணி நேரம் ஆயிற்று.

"12 அங்குல வார்ப்பிரும்புத் தோசைக்கல். எடை 2 கிலோ 900 கிராம். கையில் வாங்கும்போதே கனம் தெரியும். மணிக்கட்டில் வலி இருந்தால் 10 அங்குலக் கல்லையோ தகட்டுக் கல்லையோ பாருங்கள்.

கேஸ் அடுப்புக்கு ஏற்றது. இண்டக்ஷனிலும் சூடாகும், ஆனால் நடுவில் கருகி ஓரம் வேகாமல் போகும். வீட்டில் இண்டக்ஷன் மட்டும்தான் என்றால் இந்த அளவு வேண்டாம்.

மிதமான தீயில் காய 6 நிமிடம் ஆகும். காய்ந்த பிறகு சூடு சீக்கிரம் இறங்காது. நான்கு பேருக்கு மேல் வரிசையாகத் தோசை ஊற்றும் வீடு என்றால் இந்தக் கல் சரி. இரண்டு பேருக்குச் சின்னக் கல்லே போதும்.

சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். தண்ணீரில் ஊறவைத்தால் துருப் பிடிக்கும். துருப் பிடித்தால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவித் துடைத்துச் சூடாக்கினால் பழையபடி ஆகிவிடும்.

பழக்கித்தான் அனுப்புகிறோம். அப்படியும் முதல் மூன்று தோசை ஒட்டும். நாலாவதும் ஒட்டினால் கடைக்குக் கூப்பிடுங்கள்."

கீழே கடையின் எண். இதில் அந்த 6 நிமிடம் எங்கள் வீட்டு அடுப்பில் பார்த்தது. சித்தப்பா "கொஞ்ச நேரம் ஆகும்" என்றுதான் சொல்லுவார். எதிரே நிற்கிறவருக்கு அந்தக் "கொஞ்ச நேரம்" போதும், அவர் முகபாவத்தைப் பார்த்து நீட்டிக் குறைத்துச் சொல்லிவிடலாம். எழுத்துக்கு முகம் கிடையாது. அதனால் கடையில் தொனி செய்கிற வேலையை எழுத்தில் எண் செய்ய வேண்டியிருக்கிறது. எடையும் அப்படித்தான். கடையில் கல்லைக் கையில் கொடுத்துவிட்டார், வேலை முடிந்தது. பக்கத்தில் 2 கிலோ 900 கிராம் என்று எழுதி, கூடவே மணிக்கட்டையும் நினைவுபடுத்த வேண்டும். வெறும் எடையை அட்டவணையில் போட்டால் யாரும் அதைத் தங்கள் கையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. அட்டவணையும் வேண்டியதுதான். விலை, அளவு, தயாரித்தவர் பெயர், எந்த நாட்டுப் பொருள் என்பதெல்லாம் சட்டப்படியே காட்டியாக வேண்டியவை. அவற்றை அட்டவணையில் விட்டுவிட்டு, பத்தியை "இருந்தால்", "ஊற்றினால்" என்கிறவற்றுக்கு ஒதுக்கினேன்.

"வேண்டாம்" என்ற சொல்லைப் பார்த்துத் தம்பி பதறினான். "நாமளே வேண்டாம்னு எழுதுறோமே." சித்தப்பா சிரித்தார். அந்தக் கல்லை வாங்கக் கூடாதவர் வாங்கினால் அது பார்சலில் திரும்பி வரும், வார்ப்பிரும்புக்கு அனுப்பும் கூலியும் எடைக்குத்தான், உடைந்து வந்தால் அதுவும் நம் கணக்கு. வியாபாரக் கணக்கிலேயே அது நியாயமாக இருந்தது. ஆனால் இணையம் வருவதற்கு முன்பிருந்தே அவர் "வேண்டாம்" சொல்லிக்கொண்டிருந்தவர்தான். அப்போது பார்சல் ஏது?

அது ஏன் என்று யோசித்தபோதுதான் நான் தேடிக்கொண்டிருந்தது பிடிபட்டது. இரண்டு பேருக்குப் பெரிய கல்லை விற்றிருந்தால் அந்த அம்மா நாளைக்கே திட்டிக்கொண்டு வரப்போவதில்லை. ஆனால் பங்குனிப் பொங்கலில் மாரியம்மன் கோயில் வாசலில் எதிர்ப்படுவார். அவர் மருமகள் அடுத்த வருடம் குக்கர் வாங்க வருவாள். சித்தப்பாவின் ஒவ்வொரு "இருந்தா"வும் மறுபடி பார்க்கப் போகிற ஒருவரிடம் சொல்லப்படுவது. பரணில் விரிசல் கல், நினைவில் இண்டக்ஷன் சண்டை என்று திரும்பி வந்தவர்களெல்லாம் அவர் பேச்சுக்குள் குடியிருக்கிறார்கள். என் "உயர்தர"வும் "எழிலான"வும் இனி ஒருபோதும் பார்க்கப் போகாத ஆளிடம் சொன்னவை. அதனால்தான் அவற்றில் பொய் இல்லாதபோதும் பொய்யின் வாடை இருந்தது. யாரும் என்னிடம் திரும்பி வந்து, "எழிலான என்றாயே, எங்கே எழில்?" என்று கேட்க முடியாது. ஒட்டும் என்று எழுதிய வரிக்கு நான் பிடிபடலாம். பிடிபடக்கூடிய வாக்கியத்தை எழுதும்போது கை கொஞ்சம் நிதானிக்கிறது. அந்த நிதானத்தைத்தான் படிக்கிறவர் ஒரு குரல் என்று கேட்கிறார் என்று நினைக்கிறேன்.

மற்ற 39 பொருட்களையும் இப்படி எழுத முடியவில்லை. ஆப்பச்சட்டிக்கும் பணியாரக் கல்லுக்கும் கதைகள் இருந்தன. எவர்சில்வர் டம்ளருக்கு ஒன்றும் இல்லை. யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை, கேள்வி கேட்டதும் இல்லை. அதற்கு உயரம், கொள்ளளவு, விளிம்பு மடித்தது என்று ஒரே வரி எழுதி நிறுத்திக்கொண்டேன். புதிதாக வந்திறங்கிய ஒரு கனத்த அடிச் சட்டியைப் பற்றி எழுதச் சொன்னபோது சித்தப்பாவே தடுத்தார். "வித்துப் பத்து நாளாகல, அதப் பத்தி எனக்கே இன்னும் தெரியாது." அதை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சித்தியிடம் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்துச் சித்தி சொன்ன மூன்று புகார்களை வைத்துத்தான் அந்தப் பத்தியை எழுதினேன்.

பக்கம் ஏறிய பிறகு முதல் அழைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தது. நான் கடையில் இருந்தேன். ஓசூரிலிருந்து ஒரு பெண். பின்னால் குழந்தை அழும் சத்தம், கரண்டி சுரண்டும் சத்தம். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"சார், நாலாவது தோசையும் ஒட்டுது."

சித்தப்பா கல்லாவைச் சாத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"சரிம்மா. மாவு ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்ததா, வெளிய வச்சிருந்ததா?"